சோபா விளம்பரத்தில் எதை எழுதுவது: ஒரு வெள்ளவத்தை நாலாம் மாடிக் கணக்கு

போன வருடம் நாங்கள் வெள்ளவத்தையிலிருந்து வீடு மாறவேண்டி வந்தபோது பழைய சோபா செட்டை விற்க நினைத்தேன். மூன்று பேர் இருக்கக்கூடிய ஒன்று, தனிக்கதிரை இரண்டு. சாம்பல் நிறத் துணி, உள்ளே ஸ்பொஞ்ச், ஆறு வருடப் பாவனை. அம்மா இன்றைக்கும் அதைச் செற்றி என்றுதான் சொல்லுவார். புது வீட்டு ஹோல் சின்னது, அதற்குள் இது அடங்காது. கையில் மூன்று கிழமை இருந்தது.

வழி என்று பார்த்தால் நாலு இருந்தது. இரண்டே வரியில் ஒரு விளம்பரத்தைப் போட்டுவிட்டு, வருகிறவரோடு விலை பேசலாம். குறை நிறை எல்லாவற்றையும் எழுதி, எடுத்துப் போகும் விபரத்தையும் சேர்த்து, கறாரான ஒரு விலை போடலாம். லொறி பிடித்து நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்கலாம். இல்லாவிட்டால் பாவித்த தளபாடம் வாங்கி விற்கும் கடைக்காரரைக் கூப்பிட்டு, தருவதை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தலாம். முதல் இரண்டையும் நான் உண்மையிலேயே செய்து பார்த்தேன், மற்ற இரண்டுக்கும் விலை கேட்டுப் பார்த்தேன். இனி வரும் கணக்கு அந்த மூன்று கிழமையில் வந்தது.

முதலில் போட்ட விளம்பரம் இதுதான்:

"சோபா செட் விற்பனைக்கு. 3+1+1. நல்ல நிலையில் உள்ளது. வெள்ளவத்தை. ரூ. 75,000. விலை பேசலாம்."

படம் மூன்று. இரவில், டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தவை. சாம்பல் துணி அதில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது.

அழைப்புக்குக் குறைவில்லை. முதல் இரண்டு நாளில் மட்டும் முப்பதுக்கு மேல் வந்திருக்கும். பேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் "இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள், இக்மன் விளம்பரத் தளத்தைப் பார்த்துவிட்டு நேரடியாகப் போன் எடுக்கிறவர்கள் என்று இரண்டு வகை. பேஸ்புக்கில் எதிரே இருக்கும் ஆளின் பக்கத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். போனில் குரல் மட்டும்தான், ஆனால் போன் எடுக்கிறவர் பெரும்பாலும் வாங்குகிற எண்ணத்தோடு எடுக்கிறார். என் அனுபவத்தில் இரண்டிலும் போடுவதுதான் சரி, எது மேல் என்று மண்டையை உடைப்பதில் பயன் இல்லை. கேள்விகள் எல்லாரிடமிருந்தும் ஒன்றாகத்தான் வந்தன. எத்தனை அடி நீளம்? எத்தனையாம் மாடி? லிஃப்ட் இருக்கிறதா? ஏன் விற்கிறீர்கள்? கடைசி விலை என்ன? அந்த இரண்டு வரியில் நான் எழுதாமல் விட்டது அத்தனையும் முப்பது தரம் வாயால் சொல்லவேண்டி வந்தது.

வந்த ஆளின் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் என் கணக்கு அங்கேதான் திரும்பியது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் போனிலேயே 65,000க்குப் பேசி முடித்துவிட்டு, சனிக்கிழமை பின்னேரம் பட்டா லொறியோடு வந்தார். கூட வந்தது சாரதி மட்டும். கீழே காவலாளி மறித்துவிட்டார். எங்கள் தொடர்மாடியில் சனிக்கிழமை ஒரு மணிக்குப் பிறகு வீட்டுச் சாமான் ஏற்றி இறக்க விடமாட்டார்கள். எனக்கு அது தெரியும், ஆனால் அவரிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. கெஞ்சிக் கூத்தாடி அவரை மேலே கூட்டி வந்தேன். அவர் சோபாவில் இருந்தார், எழும்பினார், நடு இருக்கையைக் கையால் அமுக்கிப் பார்த்தார். "அண்ணா, இது பதிஞ்சு போயிருக்கே" என்றார். ஐயாயிரம் குறைந்தது. பின்பக்கம் பூனை கீறிய இடத்தைக் கண்டார், இன்னொரு ஐயாயிரம். லிஃப்டுக்குக் கொண்டுபோய் நிமிர்த்திப் பார்த்தால், கதவுக்குள் போகவில்லை. படியால் இறக்குவதென்றால் இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று சாரதி சொன்னதும், பத்தாயிரம் குறைத்து 45,000 என்றார். நான் முகம் சுளிக்க, "அப்ப லொறிக்கூலி எனக்கு நட்டம்தானே" என்று அவரும் முகம் சுளித்தார். விற்கவில்லை. பேசியது 65, வாசலில் 45. அவர் மேல் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறைத்த ஒவ்வொரு ஆயிரத்துக்கும் அவர் கையில் ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் எல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரிந்தவை.

அன்றிரவு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெரிய சோபா 76 அங்குல நீளம், 34 அங்குல ஆழம், 33 அங்குல உயரம். லிஃப்ட் கதவு அகலம் 31 அங்குலம், உயரம் 79. தொடர்மாடிகளில் இருக்கும் சின்ன லிஃப்டுகளில் 80 சென்ரிமீற்றர் அகலம், இரண்டு மீற்றர் உயரம் என்ற கதவளவு சர்வசாதாரணம், எங்களுடையதும் அதுதான். நீளத்தை நிமிர்த்தி நிறுத்தினால் 76, கதவு 79, தலை இடிக்காது. ஆனால் 34க்கும் 33க்கும் 31 இல் இடமில்லை. சனிக்கிழமை முட்டியது இங்கேதான். பிறகு சோபாவைக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். ஆறு வருடத்தில் ஒருநாளும் கவிழ்த்ததில்லை. நாலு கால்களும் கையாலேயே இடப்பக்கம் திருகக் கழன்று வந்தன. கால் உயரம் நாலு அங்குலம். 33 இலிருந்து நாலு போனால் 29. அந்தப் பக்கத்தைக் கதவுக்குக் கொடுத்தால் இரண்டு அங்குலம் மிச்சம். ஐந்து நிமிட வேலைக்குப் பத்தாயிரம் ரூபாய் போகப் பார்த்தது.

எல்லா சோபாவுக்கும் கால் இப்படிக் கழலாது. சிலவற்றில் நாலு திருகாணி போட்ட தகடு இருக்கும், அதற்கு ஸ்குரூ டிரைவர் வேண்டும். மரச்சட்டத்தோடு ஒன்றாகச் செய்த கால் என்றால் கழற்றவே முடியாது. மொறட்டுவைப் பக்கத்துத் தேக்குச் செற்றிகள் பல அப்படித்தான். அவற்றுக்கு லிஃப்டை மறந்துவிட்டுப் படித் திருப்பத்தை அளக்க வேண்டும். எல் வடிவ சோபா வைத்திருப்பவர்கள் அடியில் இரண்டு துண்டையும் பிணைக்கும் கொக்கியைத் தேடுங்கள். பிரிகிறதா இல்லையா என்பதை விளம்பரத்தில் எழுதாவிட்டால் அழைக்கிற ஒவ்வொருவரும் அதைத்தான் கேட்பார்கள்.

அப்புறம் நிலைமையைப் பார்த்தேன். "நல்ல நிலையில்" என்ற சொல்லை எல்லாரும் போடுகிறார்கள், அதனால் யாரும் அதை வாசிப்பதில்லை. அந்தச் சொல்லுக்குப் பதிலாக என்ன எழுதலாம் என்று தேடினால் மூன்று சோதனைதான் பெரிதாக வேண்டியிருந்தது.

முதலாவது பதிவு. குஷனை எடுத்துவிட்டு, தும்புத்தடியின் கம்பை ஒரு கைப்பிடியடியிலிருந்து மறு கைப்பிடியடிவரை குறுக்கே வைத்து, நடுவில் கம்புக்கும் அடித்தளத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று அளந்தேன். ஓரங்களில் ஒன்றும் இல்லை. நடுவில் ஒன்றரை அங்குலம். அதாவது கீழே இழுத்துக் கட்டிய நாடா அந்த இடத்தில் தளர்ந்திருக்கிறது. குஷனைத் திரும்பப் போட்டு முஷ்டியால் அமுக்கி விட்டால் ஸ்பொஞ்ச் உடனே எழும்பியது, எனவே ஸ்பொஞ்ச் இன்னும் செத்துப்போகவில்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது முக்கியம். நாடாவை இறுக்குவது குஷன் வேலை செய்கிறவருக்கு அரை நாள் வேலை. ஸ்பொஞ்ச் மாற்றுவது வேறு செலவு. வாங்குகிறவர் "பதிஞ்சு போச்சு" என்று மட்டும் கண்டால் பெரிய செலவைத்தான் மனதில் கழிப்பார்.

இரண்டாவது சட்டம். முன்கால் ஒன்றின் பக்கம் பிடித்து அரை அடி தூக்கினேன். மற்ற முன்காலும் கூடவே நிலத்தை விட்டு எழும்பியது. அது எழும்பாமல் நிலத்திலேயே நின்றால் சட்டம் முறுகுகிறது, மூட்டு விட்டுவிட்டது என்று அர்த்தம். அடித்துணியின் ஒரு மூலையைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். கறையான் மண் இல்லை, உளுத்த மாவும் இல்லை. ஸ்டேப்பிள் பின்கள் மட்டும் துருப்பிடித்திருந்தன. கடலோர மரைன் டிரைவுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தால் இரும்பு வேறு என்ன செய்யும்? அதையும் எழுதினேன்.

மூன்றாவது மூட்டைப்பூச்சி. பழைய வங்கி அட்டை ஒன்றால் தையல் ஓரமாகக் கீறி, கறுப்புப் புள்ளி ஏதும் இருக்கிறதா என்று டோர்ச்சோடு பார்க்க வேண்டும். எங்களுடையதில் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. மூட்டைப்பூச்சி உள்ள சோபாவை என்ன விலைக்கும் இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

துணி சோபா என்றபடியால் எனக்கு ஒரு தலையிடி குறைவு. செயற்கைத் தோல் சோபா வைத்திருப்பவர்கள் இன்னொன்று பார்க்க வேண்டும். பொலியூரிதேன் பூச்சுள்ள தோல் ஈரப்பதத்தில் நாளடைவில் உடைந்து செதிள் செதிளாக உதிரும். கடற்கரைப் பக்கம் கேட்கவே வேண்டாம். கைப்பிடியின் மேற்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஒட்டுவது போலவோ சின்னத் துகள் வருவது போலவோ இருந்தால், இன்று படத்தில் அழகாக இருந்தாலும் அதிக காலம் நிற்காது. அப்படிப்பட்டதைச் சட்டத்துக்கும் ஸ்பொஞ்சுக்கும் மட்டும் விலை போட்டு, "தோல் மாற்ற வேண்டும்" என்று எழுதி விற்பதுதான் நேர்மை. தேக்குச் செற்றி என்றால் கதை நேர்மாறு: அங்கே விலை மரத்துக்கு, குஷன் கிழிந்திருந்தாலும் பெரிதாகக் குறைக்கத் தேவையில்லை.

இரண்டாவது விளம்பரத்தை இப்படி எழுதினேன். தலைப்பை ஆங்கிலத்திலும் உடம்பை ஆங்கிலம், சிங்களம் இரண்டிலும் போட்டேன், கொழும்பில் தேடுகிறவர்கள் அப்படித்தான் தேடுகிறார்கள். இங்கே தமிழில்:

"துணி சோபா செட் 3+1+1, சாம்பல் நிறம், 6 வருடப் பாவனை, ஒரே வீட்டில் இருந்தது. பெரியது 76 அங்குல நீளம், 34 ஆழம், 33 உயரம் (கால் கழற்றினால் 29). தனிக்கதிரை ஒவ்வொன்றும் 34 அகலம்.

நிலைமை: சட்டம் உறுதி, கறையான் இல்லை, மூட்டைப்பூச்சி இல்லை. ஸ்பொஞ்ச் நல்லது. பெரிய சோபாவின் நடு இருக்கைக்குக் கீழே நாடா தளர்ந்து ஒன்றரை அங்குலம் பதிந்துள்ளது, இறுக்க வேண்டும். பின்பக்கம் கீழே பூனை கீறிய இடம், உள்ளங்கை அளவு, சுவரோடு வைத்தால் தெரியாது. அடியில் பின்கள் துருப்பிடித்துள்ளன. வீட்டில் பூனை உண்டு, புகைப்பவர் இல்லை. குறைகளின் படம் 5, 6, 7.

எடுத்துப் போவது: வெள்ளவத்தை, கடல் பக்கம், 4ஆம் மாடி. லிஃப்ட் உண்டு, கால் கழற்றினால் கதவால் போகும், அளந்து பார்த்தது. கால்களை நான் கழற்றி வைப்பேன். தூக்க இரண்டு பேரோடு வரவும். பட்டா லொறி போதும், கயிறும் படங்கும் கொண்டு வரவும். திங்கள் முதல் வெள்ளி 9 முதல் 5, சனி 1 மணி வரை மட்டும் சாமான் இறக்கலாம். லொறி இலக்கத்தை முதல்நாள் தர வேண்டும்.

விலை ரூ. 62,000, மூன்றும் சேர்த்து. பிரித்துத் தருவதில்லை. சாமானைப் பார்த்தபிறகு, அது அசையுமுன், பணத்தை வீட்டிலேயே தர வேண்டும்."

படம் ஏழு, காலை எட்டு மணிக்குப் பல்கனிக் கதவைத் திறந்து வைத்து எடுத்தவை, ஃபிளாஷ் இல்லை. பூனை கீறிய இடத்தின் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை ஒட்டி வைத்து எடுத்தேன். அளவு தெரியட்டும் என்று செய்தது, ஆனால் அதற்குள் வேறொரு பயன் இருந்தது. குறையை இப்படி நெருங்கிப் படம் எடுத்திருக்கிறான் என்றால் மறைக்க ஒன்றும் இல்லை என்று வந்தவர் பிறகு சொன்னார்.

விலையை ஏன் 75 இலிருந்து 62 ஆக்கினேன் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. நாங்கள் அதை வாங்கியது 2019 இல், 92,000க்கு. 2022 இல் ரூபாய் விழுந்து டொலர் 200 இலிருந்து 360 வரை போனபிறகு எங்கள் பழைய பற்றுச்சீட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "வாங்கினதே 92 தானே, ஆறு வருஷத்துக்குப் பிறகு 62 ஆ?" என்று கேட்பவரும் வருவார். அவருக்குப் பதில், அதே கடையில் அதே மாதிரி இன்று என்ன கேட்கிறார்கள் என்பது. நான் போய்க் கேட்டபோது இரண்டு இலட்சத்துக்குக் கிட்ட சொன்னார்கள். அதில் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே நிற்பது ஒரு தொடக்கம். பிறகு நாடா இறுக்குகிற கூலியையும் பூனைக்கு ஒரு சின்னக் கழிவையும் எடுத்தேன். 62 அப்படி வந்தது. 75 என்பது நான் ஆசைப்பட்ட விலை, அதற்குப் பின்னால் கணக்கு ஏதும் இல்லை.

இரண்டாவது விளம்பரத்துக்கு ஒரு கிழமையில் ஒன்பது அழைப்பு. முப்பது எங்கே, ஒன்பது எங்கே என்று முதலில் கொஞ்சம் பயந்தேன். ஆனால் இந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட எத்தனையாம் மாடி என்று கேட்கவில்லை. மூன்று பேர் பார்க்க வருவதாகச் சொன்னார்கள், இரண்டு பேர் வந்தார்கள். இரண்டாமவர் இரத்மலானையிலிருந்து வந்த புதுத் தம்பதி. 60,000க்குக் கேட்டார்கள், கொடுத்தேன். இரண்டாயிரம் குறைப்பதற்கு மனதில் இடம் வைத்துத்தான் 62 போட்டிருந்தேன். கறார் விலை என்றாலும் வந்தவர் வெறுங்கையோடு பேரம் முடித்தோம் என்று போகக்கூடாது, நம்மூரில் அது மரியாதை இல்லை.

சரி, நானே கொண்டுவந்து தருகிறேன் என்று போட்டிருந்தால்? இந்த மூன்றாவது வழி பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். லொறியைச் செயலியிலேயே பிடிக்கலாம், பிக்மீயில் லொறியும் இருக்கிறது. எனக்கு இரத்மலானைவரை பட்டாவுக்கும் தூக்குகிற இரண்டு பேருக்கும் சேர்த்து 8,500 வரும் என்றார்கள். வீட்டு வாசலில் இறக்கித் தருவது என்றால் 70,000 கேட்டிருக்கலாம், கையில் 61,500 நிற்கும். 60ஐ விட 1,500 அதிகம். ஆனால் அந்த 1,500க்கு நான் எதையெல்லாம் தலையில் போட்டுக்கொள்கிறேன் என்று பார்க்க வேண்டும். வழியில் மழை வந்து துணி நனைந்தால் நட்டம் எனக்கு. கொழும்பில் பின்னேர மழை எப்போது வரும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. அவர்கள் வீட்டுக் கதவால் போகாவிட்டால் திரும்பக் கொண்டுவரும் கூலியும் எனக்கு. என்னுடைய லிஃப்டை நான் அளக்கலாம், இரத்மலானையில் இருக்கும் படியை யார் அளப்பது? அதைவிடப் பெரிய சங்கடம், பணம் கைமாறும் இடம் அவர்களுடைய வாசலாகிவிடும். சாமான் அங்கே இறங்கியபிறகு ஐயாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால், திரும்ப ஏற்றிக்கொண்டு வரவா போகிறேன்?

ஒரே ஒரு நிலைமையில் மூன்றாவது வழி சரிவரும். நீங்கள் வீடு மாறுகிற லொறி எப்படியும் ஓடப்போகிறது, வாங்குகிறவர் அந்த வழியில் இருக்கிறார் என்றால், மிச்ச இடத்தில் சோபாவை ஏற்றி இறக்கிவிடலாம். அப்போதும் பணத்தை உங்கள் வீட்டிலேயே வைத்து வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடுவழி ஒன்று உண்டு, அதைத்தான் நான் செய்தேன்: லொறிக்காரரின் இலக்கத்தையும் அவர் சொன்ன விலையையும் வாங்குகிறவரிடம் கொடுத்து, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றேன். புதுத் தம்பதிக்கு லொறி தேடும் அலைச்சல் மிச்சம், எனக்குப் பொறுப்பு மிச்சம்.

நாலாவது வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடைக்காரர் வட்ஸ்அப்பில் படம் பார்த்து 28,000 சொன்னார். அன்றைக்கே ஆளோடு வந்து எடுத்துப் போவார், லிஃப்ட், கால், காவலாளி எல்லாம் அவர் தலையிடி. இரண்டு நாளில் வெளிநாடு போகிறவருக்கு, அல்லது வாடகை வீட்டுச் சாவியை நாளை ஒப்படைக்க வேண்டியவருக்கு அது சரியான விலை. என் கணக்கில் மூன்று கிழமைக்கு 32,000 ரூபாய் வித்தியாசம், அது பொறுக்கத் தகுந்தது. ஆனால் மூன்றாம் கிழமைத் தொடக்கத்திலும் விற்காமல் இருந்திருந்தால் அவரைத்தான் கூப்பிட்டிருப்பேன், அதற்காகவே இலக்கத்தைச் சேமித்து வைத்திருந்தேன்.

இரண்டு வரி விளம்பரத்துக்கும் இடம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடவேண்டும். நிலத்தோடு வீடு, வாசலில் லொறி நிறுத்தலாம், சாமான் ஒரு தனிக்கதிரை என்றால் அத்தனை அளவும் தேவையில்லை. வந்தால் பார்த்துவிட்டு ஓட்டோவில் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதேபோல எங்கள் தொடர்மாடி வட்ஸ்அப் குழுவில் அறிவிப்பதற்கும் இரண்டு வரி போதும், லிஃப்டும் காவலாளியும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். அதை முதல் மூன்று நாளில் செய்து பார்ப்பது நல்லது, மேல்மாடிக்காரர் வாங்கினால் லொறியே வேண்டாம். என் கெட்ட நேரம், அங்கே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அது ஆடி மாதம் வேறு. எங்கள் ஆட்கள் வீடு மாறுவதும் புதுச் சாமான் போடுவதும் ஆடி கழிந்துதான்.

முற்பணம் பற்றி ஒரு வார்த்தை. பார்க்காமலே "நான் எடுக்கிறேன், அக்கவுண்ட் நம்பர் அனுப்புங்கோ, மற்ற ஆக்களுக்குக் குடுக்காதேங்கோ" என்று இரண்டு பேர் கேட்டார்கள். பார்க்காதவரிடம் நான் முற்பணம் வாங்குவதில்லை. வாங்கினால் வந்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சண்டை வரும். பார்த்தபிறகு, எடுக்கும் நாள் தள்ளிப்போகிறது என்றால் மட்டும் ஐயாயிரம் வாங்கி, எந்த நாள்வரை வைத்திருப்பேன் என்று வட்ஸ்அப்பில் எழுதிவிடுவேன். ஒருவர் முழுப்பணமும் போட்டதாக ஒரு படத்தை அனுப்பி, லொறி கீழே நிற்கிறது என்றார். என் வங்கிச் செயலியில் ஒன்றும் விழவில்லை. இப்போது ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் செயலியால் போடும் பணம் சாதாரணமாக அந்த நிமிடமே வந்துவிடுகிறது. "நாளைக்கு விழும்" என்றால் சோபாவும் நாளைக்குத்தான் என்றேன். அவரிடமிருந்து பிறகு பேச்சே இல்லை. யாராவது உங்கள் போனுக்கு வந்த ரகசிய எண்ணைக் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குகிறவருக்கு அந்த எண் எதற்கு?

எடுத்த நாள் வியாழக்கிழமை, காலை பத்து மணி. காலி வீதியில் அலுவலக நெரிசல் அடங்கியிருந்தது, ஒழுங்கைக்குள் லொறி நிறுத்த இடம் கிடைத்தது. முதல்நாளே காவலாளியிடம் லொறி இலக்கத்தைக் கொடுத்திருந்தேன். அவர்கள் மேலே வந்து, நடு இருக்கையை அமுக்கி, படத்தில் கண்ட கீறலைத் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டினார்கள். பேசிய 60,000 இல் ஒரு ரூபாய் குறையவில்லை. பணம் என் கணக்கில் விழுந்ததும் கால்களைக் கழற்றி, ஒரு ஷொப்பிங் பையில் போட்டு, பையைச் சோபாவின் அடித்துணிக்கு மேல் டேப்பால் ஒட்டினேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் தொலைத்துவிடுவார்கள், பிறகு நமக்குத்தான் போன் வரும்.

லிஃப்டுக்குள் போகும்போது ஒரு சின்னத் தடங்கல். கால் இல்லாத அடிப்பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பாமல் ஆழத்தைக் கதவுக்குக் கொடுத்துவிட்டார்கள், முட்டியது. வெளியே எடுத்துக் கால்வட்டம் திருப்பினோம், உள்ளே போனது. பட்டாவின் தட்டு ஏழடி நீளம், அகலம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய சோபாவைப் போட்டால் பக்கத்தில் இரண்டடிதான் மிச்சம், தனிக்கதிரை அதில் நிற்காது. ஆகவே இரண்டையும் பெரியதின்மேல் கவிழ்த்து அடுக்கிக் கயிறு போட்டோம். ஒரே நடையில் முடிந்தது. படங்கு மட்டும் அவர்கள் மறந்துவிட்டார்கள். எங்களிடம் இருந்த பழைய கட்டில் விரிப்பைக் கொடுத்தேன்.

அன்றைக்கே இரண்டு தளத்திலும் விளம்பரத்தை எடுத்துவிட்டேன். அப்படியிருந்தும் அடுத்த கிழமை ஒருவர் போன் எடுத்தார். முதல் விளம்பரத்தின் படத்தை யாரோ அனுப்பியிருக்கிறார்கள் போல. "அண்ணா, அந்தப் பச்சை சோபா இருக்கா? கடைசி விலை என்ன?"